1-3-7-15-30: இந்த அட்டையை யாரு கண்டுபிடிச்சா?

கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வேற வரும். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்கா.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா இந்த அட்டையைப் பார்த்திருப்பீங்க. வழவழன்னு லேமினேஷன் பண்ணி, மேல ஒரு மூளைப் படம், கீழ சறுக்குமரம் மாதிரி ஒரு வளைகோடு. "படித்ததில் 70 சதவீதத்தை 24 மணி நேரத்தில் மறந்துவிடுவீர்கள்!"னு சிவப்பு எழுத்து. அதுக்குக் கீழ மந்திரம்: படிச்ச பாடத்தை 1ஆம் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 15ஆம் நாள், 30ஆம் நாள் திருப்பிப் பாரு, ஆயுசுக்கும் மறக்காது. பயிற்சி மையத்துல சேர்ந்த அன்னைக்கே கையில கொடுத்துடறாங்க. எந்த மையம்னு சொல்லப் போறதில்லை. ஒரே ஒரு மையமா இருந்தா சொல்லியிருப்பேன்.

என் சித்தி பொண்ணு ஒருத்தி குரூப் 4க்குப் படிக்கிறா. தனியார் ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை. காலைல 5 மணியிலேர்ந்து 7 மணி வரைக்கும்தான் படிப்பு, ஞாயித்துக்கிழமை மட்டும் 5 மணி நேரம். இந்த அட்டைப்படி ஆரம்பிச்சா. மூணாவது வாரம் போன் பண்ணி, "எனக்கு ஞாபகசக்தியே இல்லண்ணே, விட்டுடலாம்னு இருக்கேன்"னா. எனக்குக் கோபம் வந்தது அவ மேல இல்லை, அட்டை மேல. ஏன்னா அந்த அட்டை யாருக்கும் வேலை செய்யாது. வேலை செய்யலைன்னா பழி மட்டும் படிக்கிற புள்ளை தலையில விழுது.

முதல்ல அந்த 70 சதவீதக் கதை. ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1885ல வெளியிட்ட ஆராய்ச்சி அது. மனுஷன் தன்னையே சோதனை எலியாக்கி, அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையா மனப்பாடம் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு அதையே திரும்பவும் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு அளந்தார். ஒரு நாள் கழிச்சு 34 சதவீதம் போல மிச்சமாச்சு. 31 நாள் கழிச்சும் 21 சதவீதம் மிச்சமாச்சு. அவர் அளந்தது மறுபடி படிக்கிறப்ப மிச்சமான உழைப்பை. ஞாபகம் இருந்த சதவீதத்தை இல்லை. அதுவும் அர்த்தமில்லாத அசைகள், படிச்சது ஒரே ஒரு ஆள். அதை எடுத்து, சோழர் நிர்வாகம் படிக்கிற பொண்ணுகிட்ட "நாளைக்குள்ள 70 சதவீதம் போயிடும்"னு பயமுறுத்துறது எந்த ஊர் நியாயம்? அப்புறம், 1-3-7-15-30ங்கிற வரிசையை எபிங்ஹாஸ் எங்கேயும் சொல்லலை. அவர் படத்தைப் போட்டு, தங்களோட எண்ணைப் பக்கத்துல அச்சடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

சரி, மூலம் தப்பா இருந்தா என்ன, வேலை செஞ்சா போதாதான்னு கேப்பீங்க. நியாயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குரூப் 4ல மொத்தம் 200 கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. திறனறிவுங்கிறது கணக்குப் போட்டுப் பழகுறது, அதுக்கு ஞாயித்துக்கிழமைல 2 மணி நேரம் ஒதுக்கிட்டோம், அதை இங்க சேர்க்கலை. மிச்ச பாடத்தை எல்லாம் நானும் அவளும் உட்கார்ந்து 108 துண்டா நறுக்கினோம். ஒரு துண்டை முதல் தடவை ஒழுங்காப் படிக்க 75 நிமிஷம். திருப்பிப் பார்க்க 20 நிமிஷம். பரீட்சைக்கு 22 வாரம், அதாவது 154 நாள். வார நாள் ஆறுலயும் தினம் 120 நிமிஷம், ஞாயித்துக்கிழமை 180 நிமிஷம். வாரத்துக்கு 15 மணி நேரம், மொத்தம் 330.

இப்ப அட்டையைப் போடுங்க. தினம் ஒரு துண்டு. முதல் நாள் 75 நிமிஷம், ஜாலி. ரெண்டாம் நாள் நேத்து படிச்சதும் சேர்ந்து 95. நாலாம் நாள் 115. எட்டாம் நாள் முதல் துண்டோட 7ஆம் நாள் திருப்பம் வந்து சேருது, 135 நிமிஷம். அவகிட்ட இருக்கறது 120. திங்கக்கிழமை ஆரம்பிச்சா அடுத்த திங்கக்கிழமையே வண்டி பிரேக் டவுன்! 16ஆம் நாள் 155. 31ஆம் நாள்லேர்ந்து தினமும் 175 நிமிஷம், 108ஆம் நாள் வரைக்கும் குறையவே குறையாது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல. கையில இருக்கறது 15.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கவனிங்க. மொத்தக் கணக்கு மட்டும் பார்த்தா இந்தத் திட்டம் சரிதான்! 108 துண்டு, ஒவ்வொண்ணுக்கும் 75 + 100 நிமிஷம், மொத்தம் 315 மணி நேரம். இருக்கறதோ 330. அதனாலதான் மையத்துல கேட்டா, "நேரம் இருக்கும்மா, நீதான் ஒழுங்கா படிக்கலை"ன்னு தைரியமா சொல்ல முடியுது. ஆனா அந்த 315 மணி நேரம் எங்க விழுதுன்னு பாருங்க. நடு மாசங்கள்ல குமியுது. கடைசித் துண்டோட 30ஆம் நாள் திருப்பம் 138ஆம் நாள் முடியுது. அதுக்கப்புறம் பரீட்சை வரைக்கும் 16 நாள், அட்டையில ஒண்ணுமே இல்லை. முழுங்க முடியாத நேரத்துல மலை மாதிரி வேலை, தேவைப்படுற நேரத்துல வெறும் கை.

இதைவிடப் பெரிய கோளாறு ஒண்ணு இருக்கு. முதல் நாள் படிச்ச துண்டை 31ஆம் நாள் கடைசியாப் பார்க்கறா. பரீட்சை 154ஆம் நாள். நடுவுல 123 நாள் அந்தப் பக்கமே போகலை. ஏன் இப்படி? அந்த அட்டைக்குப் படிச்ச தேதி தெரியும், பரீட்சை தேதி தெரியாது. என்னோட சண்டையே இதுதான். எத்தனை நாள் இடைவெளி விடணும்ங்கறதுக்கு விடை, எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கணும்ங்கறதுல இருக்கு. அதைக் கேக்காம எண்ணை மட்டும் கொடுக்கறவர், பேஷன்ட்டைப் பார்க்காம மாத்திரை எழுதற டாக்டர் மாதிரி.

இது நானா விடற சரடு இல்லை. செபேடாவும் கூட்டாளிகளும் 2008ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. 1,350 பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. துணுக்குத் தகவல்களைப் படிக்க வெச்சு, ஒரு இடைவெளி விட்டு ஒரே ஒரு தடவை திருப்ப வெச்சு, அப்புறம் 7, 35, 70, 350 நாள் கழிச்சு பரீட்சை. ஒரு வாரத்துல பரீட்சைன்னா 1 நாள் இடைவெளி நல்லா வேலை செஞ்சுது. 35 நாள்ல பரீட்சைன்னா 11 நாள். 70 நாளுக்கும் 350 நாளுக்கும் அவங்க சோதிச்சதுல 21 நாள் இடைவெளிதான் முன்னால வந்தது. இன்னொண்ணும் தெரிஞ்சுது: இடைவெளி தேவைக்கு மேல கொஞ்சம் நீண்டா நஷ்டம் கம்மி, தேவையைவிடக் குறைஞ்சா நஷ்டம் ஜாஸ்தி.

அப்படிப் பார்த்தா நம்ம அட்டையில 1, 3, 7ன்னு முதல் வாரத்துலயே மூணு தடவை திருப்பச் சொல்றது, இன்னும் மறக்காததைப் போய் மறுபடி மறுபடி தட்டறது. அந்த நேரத்துல ரொம்ப நல்லா ஞாபகம் இருக்கற மாதிரியே இருக்கும். அதான் அட்டை விக்குது.

இனி, நாங்க போட்ட காலண்டரைச் சொல்றேன். நாலு திருப்பம் மட்டும். அடுத்த நாள் ஒண்ணு, 10 நிமிஷம்தான். பத்து நாள் வாக்குல ஒண்ணு, 20 நிமிஷம். நாப்பது நாள் வாக்குல ஒண்ணு, 15 நிமிஷம். அப்புறம் பரீட்சையை ஒட்டிக் கடைசிச் சுத்து, 10 நிமிஷம். ஒரு துண்டுக்கு 100 நிமிஷத் திருப்பம் 55 நிமிஷமாச்சு.

எந்தக் கிழமையில வைக்கறதுன்னுதான் ரொம்ப மண்டையை உடைச்சுக்கிட்டோம். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் தினம் ஒரு புதுத் துண்டு. ஞாயித்துக்கிழமை புதுசு கிடையவே கிடையாது. சரியா பத்தாம் நாள்னு எண்ணிக்கிட்டு இருந்தா சில துண்டு ஞாயித்துக்கிழமைல போய் விழும். அதனால ஒரு சின்ன ஏற்பாடு. திங்கள் படிச்சது அடுத்த வாரம் வியாழன், செவ்வாய் படிச்சது அடுத்த வாரம் வெள்ளி, புதன் படிச்சது அடுத்த வாரம் சனி. இதெல்லாம் 10 நாள். வியாழன், வெள்ளி, சனி படிச்சது அதுக்கும் அடுத்த வாரத்து திங்கள், செவ்வாய், புதன். இதெல்லாம் 11 நாள். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் வரும், ஞாயிறு பக்கமே வராது. விரல் விட்டு எண்ண வேண்டாம், கிழமை சொன்னா போதும்.

நாப்பது நாள் திருப்பத்துக்கு ஞாயித்துக்கிழமை. முதல் வாரத்துல படிச்ச ஆறும் ஆறாவது வாரத்து ஞாயிறு மொத்தமா வரும். ரெண்டாவது வாரத்தது ஏழாவது ஞாயிறு, அப்படியே போகும். திங்கள் படிச்சதுக்கு 41 நாள், சனி படிச்சதுக்கு 36 நாள். அந்த அஞ்சு நாள் வித்தியாசம் இவ்வளவு பெரிய இடைவெளியில ஒரு பொருட்டே இல்லை.

இப்ப நாள் கணக்கைப் பாருங்க. வார நாள்ல புதுசு 75, நேத்தையது 10, பத்து நாளையது 20, ஆக 105 நிமிஷம். 15 நிமிஷம் மிச்சம். ஞாயித்துக்கிழமை ஆறு துண்டு 90 நிமிஷம், சனிக்கிழமைத் துண்டுக்கு 10, ஆக 100. 80 நிமிஷம் சும்மா கிடக்கும். "சும்மா விடலாமா, ஏதாச்சும் போடுண்ணே"ன்னு அவ கேட்டா. கூடவே கூடாதுன்னுட்டேன். அந்த 80 நிமிஷம்தான் காலண்டரைக் காப்பாத்தறது. புதன்கிழமை காய்ச்சல்னு படுத்துட்டா, அன்னைக்குப் படிக்க வேண்டிய புதுத் துண்டு ஞாயித்துக்கிழமை அந்த ஓட்டையில போய் உட்காரும். அன்னைக்கு வர வேண்டிய திருப்பம் வியாழக்கிழமை போகும். 10 நாள் 11 ஆச்சுன்னா குடி முழுகாது. நாலு நாள் சேர்ந்தாப்பல போச்சுன்னா திருப்பத்தை விடக்கூடாது, புதுசைத்தான் நிறுத்தணும். பொங்கல், தீபாவளி, வீட்டுக் கல்யாணம் எல்லாத்தையும் முதல் நாளே காலண்டர்ல பென்சில்ல வட்டம் போட்டு அடிச்சாச்சு. அட்டையில இதுக்கெல்லாம் இடமே கிடையாது. அட்டை போடறவங்க வீட்டுல கல்யாணமே நடக்காது போல :-)

18 வாரத்துல 108 துண்டும் முடியுது. கடைசி 4 வாரம் புதுசு எதுவும் இல்லை. இங்கதான் பரீட்சை தேதி உள்ளே வருது. 14ஆவது வாரத்துலேர்ந்து படிச்ச 30 துண்டுக்கு நாப்பது நாள் திருப்பம் கிடையாது. அதை வெச்சா கடைசிச் சுத்தோட போய் மோதும். அதனால அதுகளுக்குப் பத்து நாள் திருப்பம் முடிஞ்சதும் நேரா கடைசிச் சுத்துதான். முதல் வாரத் துண்டுக்கு 1, 10, 40, அப்புறம் 130 நாள் வாக்குல ஒண்ணுன்னு இடைவெளி விரியும். பதினெட்டாவது வாரத் துண்டுக்கு எல்லாம் சுருங்கிடும். ஒரே பாடத்திட்டம், ஆனா எந்த ரெண்டு மாசத்துக்கும் ஒரே வரிசை இல்லை.

19, 20ஆவது வாரத்துல கடைசிச் சுத்து, 1லேர்ந்து 108 வரைக்கும் வரிசையா. ரொம்ப நாளா பார்க்காததுதான் முன்னால நிக்கும். 108க்கும் பத்துப் பத்து நிமிஷம்னா 18 மணி நேரம். பாக்கி இருக்கற பத்து நாள் திருப்பம் ஒன்பதுக்கு 3 மணி நேரம். ரெண்டு வாரத்துல 30 மணி நேரம் இருக்கு, தாராளம். மீதி ரெண்டு வாரம் மாதிரித் தேர்வும், சுத்துல தடுக்கினதும் மட்டும்.

திருப்பம் திருப்பம்ங்கறேனே, அது என்னன்னு சொல்லலைன்னா அட்டைக்காரங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. அவங்க சொல்றது கலர் பேனாவால கோடு போட்ட வரிகளை மேஞ்சுட்டு வர்றது. அதுக்குத் திருப்பம்னு பேரு வெச்சா, எத்தனை நாள் இடைவெளி விட்டும் பிரயோஜனம் இல்லை. புத்தகத்தை மூடி வெச்சு, வெள்ளைத் தாள்ல ஞாபகத்துலேர்ந்து எழுதணும். 20 நிமிஷம்னா 12 நிமிஷம் எழுத, 8 நிமிஷம் திறந்து சரிபார்க்க. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006ல காட்டினது இதைத்தான். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா, திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னால இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, மூடி வெச்சு ஞாபகப்படுத்திப் பார்த்தவங்க முந்திட்டாங்க.

ஒரு உதாரணம். ஐங்குறுநூறு பாடின அஞ்சு பேர். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். இப்ப படிச்சீங்கல்ல? "தெரியுமே"ன்னு தோணும். பத்து நாள் கழிச்சு வெறும் திணைப் பேரை மட்டும் எழுதி வெச்சுக்கிட்டு எதிர்ல ஆளை எழுதச் சொன்னா, கபிலர் மட்டும் டக்குனு வருவார். ஓரம்போகியாரும் ஓதலாந்தையாரும் இடம் மாறி உட்கார்ந்திருப்பாங்க. கோடு போட்டு மேயறப்ப இந்தக் குழப்பம் வெளியவே வராது, ஏன்னா விடை கண்ணு முன்னால இருக்கு. பொருத்துகன்னு கேள்வி வர்றப்பதான் வரும், அங்க வந்து என்ன புண்ணியம்?

திருப்பம் முடிஞ்சதும் துண்டோட பேருக்குப் பக்கத்துல ஒரு எண் போடறா. எழுத வேண்டியதுல எத்தனை வந்துச்சு, எத்தனை வரலை. பாதிக்கும் கீழன்னா அந்த வார ஞாயித்துக்கிழமை மிச்ச நேரத்துல பத்து நிமிஷம் அதுக்கு. மறுபடி ஒண்ணாம் நாள்லேர்ந்து ஆரம்பிக்கறதெல்லாம் கிடையாது. பத்துல ஒன்பது வந்துட்டா நாப்பது நாள் திருப்பத்தை அடிச்சுடலாம். வாரத்துல மூணு துண்டுக்கு மேல பாதியைத் தாண்டலைன்னா இடைவெளி மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி முதல் படிப்பைச் சந்தேகப்படணும். 75 நிமிஷத்துல அடங்காத துண்டை 75 நிமிஷத்துல திணிச்சிருப்போம். ரெண்டா வெட்டணும்.

"அன்கி மாதிரி மென்பொருள் இருக்கே, அது பார்த்துக்காதா?"ன்னு யாராச்சும் கண்டிப்பா கேப்பீங்க. ஆண்டு, பேர், சொற்பொருள் மாதிரி சில்லறைத் தகவலுக்கு அது பிரமாதம். எதை எப்ப காட்டணும்னு ஒவ்வொரு சீட்டுக்கும் உங்க விடையைப் பார்த்து அதுவே முடிவு பண்ணும், அட்டையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனா சும்மா நிறுவினபடி ஓட்டினா அதுக்கும் பரீட்சை தேதி தெரியாது. நாலு நாள் தொடாம விட்டீங்கன்னா அஞ்சாம் நாள் நானூறு சீட்டோட வாசல்ல நிக்கும். காலண்டர்ல ஓட்டை விடற வேலையை அப்பவும் நாமதான் செய்யணும்.

பயிற்சி மையக்காரங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். அட்டை கொடுங்க, வேண்டாங்கலை. கொடுக்கறதுக்கு முன்னால அந்தப் புள்ளைகிட்ட மூணு கேள்வி கேளுங்க. பரீட்சைக்கு எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம், ஞாயித்துக்கிழமை லீவா? மூணுக்கும் பதில் தெரியாம 1-3-7ன்னு அச்சடிச்சா, எட்டாம் நாள் அது உடையப் போறது உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். பெருக்கல், கூட்டல் தவிர அதுல வேற ஒண்ணும் இல்லை. திறனறிவுக்கே 25 கேள்வி நடத்தறவங்கதானே நீங்க?

டிஸ்கி: 75, 20, 120 எல்லாம் என் தங்கச்சியோட எண். ஒரு வாரம் கடிகாரம் வெச்சு அளந்து எடுத்தது. உங்க வீட்டுப் புள்ளைக்கு இதை அப்படியே எடுத்துப் போட்டு லேமினேஷன் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.